நேற்று அடித்த பில்லோடு ஒத்துப்போகுமா?

டேனரிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தில் எனக்கு இரண்டு வேலைகள். வாடிக்கையாளர்கள் போனில் சொல்லும் குறைகளைக் கேட்டுப் பதிவது ஒன்று. புதுப் பதிப்பு வெளியாகும்போது அதில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதித் தருவது மற்றொன்று. அணைக்கட்டில் என் வீட்டு மாடியில் இருந்தபடியே இரண்டையும் செய்கிறேன். என் பக்கத்தைப் படிப்பவர்கள் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிறார்கள். அளவு மிஷின் பக்கத்தில் நின்று துண்டு துண்டாக அளவைப் பதிகிறவர், ஜாப் ஒர்க்குக்கு லோடு ஏற்றும்போது டி.சி. போடுகிறவர், மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. கணக்கைக் கட்டி ஆடிட்டருக்கு அனுப்புகிறவர். கம்ப்யூட்டர் இவர்களுக்குப் பழக்கம்தான். ஆனால் மென்பொருளில் என்ன மாறியது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் ஒருவருக்கும் கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: நேற்று அடித்த பில்லோடு இன்று அடிப்பது ஒத்துப்போகுமா?

இந்தக் கேள்வி என் தலைக்குள் ஏறுவதற்கு முன்பு, எல்லாரும் எழுதுவதுபோல்தான் நானும் எழுதினேன். மேலே 'புதிய வசதிகள்', கீழே 'பிழைத் திருத்தங்கள்'. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். மும்பையின் ஃப்ராப்பே நிறுவனம் வெளியிடும் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறந்த மூல மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தால், நிரல் எழுதுகிறவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொடுத்த ஒரு வரித் தலைப்பு `fix:` என்று தொடங்கினால் ஒரு பட்டியலுக்கும் `feat:` என்று தொடங்கினால் இன்னொரு பட்டியலுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்திருக்கும். நிரலாளருக்கு அது மிகவும் பயன்படும். நானே அதைத் தேடிப் படிக்கிறவன். ஆனால் அந்தப் பிரிவினை வேலை செய்தவரின் பக்கத்திலிருந்து போட்டது. ஒரு காரியத்தைப் புதிதாகச் செய்தோமா, பழையதைச் சரி செய்தோமா என்பது எங்கள் கணக்கு. டி.சி. போடுகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

குனூ திட்டத்தின் நிரல் எழுதும் விதிமுறைகள் இதை வெகுகாலம் முன்பே இரண்டாகப் பிரித்துவிட்டன. நிரலில் என்ன மாறியது என்று நிரலாளர்களுக்காக வைக்கும் கோப்பு `ChangeLog`, பயன்படுத்துகிறவர் கண்ணில் படும் மாற்றங்களை மட்டும் சொல்லும் கோப்பு `NEWS`. முன்னதைப் பின்னதாக மாற்றுவதுதான் என் வேலை. முக்கால்வாசி அது எழுதுகிற வேலை இல்லை, கழிக்கிற வேலை.

எங்களிடம் வேலைகளைப் பதிய ரெட்மைன் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு குறையும் ஒவ்வொரு கோரிக்கையும் அதில் ஒரு எண்ணோடு நிற்கும். எந்தப் பதிப்பில் போகிறது என்றும் குறித்திருக்கும். முடிந்ததும் மூடுவோம். ஆக, 4.7 பதிப்புக்கு மூடிய வேலைகளை எல்லாம் எடு என்று வடிகட்டினால் குறிப்புக்கான சரக்கு தயார் என்று தோன்றும். அந்தப் பதிப்புக்கு அப்படி எடுத்தபோது 41 வேலைகள் வந்தன. வாடிக்கையாளருக்குப் போன பக்கத்தில் இருந்தவை எட்டுப் பத்திகள். இடையில் போனவை எங்கே போயின என்பதில்தான் தொழில் இருக்கிறது.

ரெட்மைனில் 'மூடியது' என்றால் முடித்தது மட்டும் அல்ல. செய்ய முடியாது என்று மறுத்த வேலையின் நிலை `Rejected`. அதுவும் மூடிய கணக்கில்தான் சேரும். பார்க்காமல் தலைப்புகளை நகல் எடுத்தால், நாம் மறுத்த வசதியைச் செய்துவிட்டதாக நாமே அறிவித்துவிடுவோம். அப்படி ஐந்து இருந்தன. ஒரே குறையை நான்கு டேனரியிலிருந்து நான்கு பேர் சொல்லியிருப்பார்கள். நான்கையும் பதிந்து, பிறகு ஒன்றின் நகல் மற்றவை என்று இணைத்திருப்போம். மூலத்தை மூடினால் நகல்களும் தாமாக மூடிக்கொள்ளும். அந்த வகையில் நான்கு போயின. இன்னும் ஒன்பது எங்கள் உள்வேலை: நூலகங்களைப் புதுப்பித்தது, காப்பு எடுக்கும் நிரலை மாற்றியது, சோதனைகள் எழுதியது. இவற்றைக் குறிப்பில் சேர்க்கலாமா என்று அலுவலகத்தில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. உழைத்திருக்கிறோம், ஒரு வரி போட்டால் என்ன என்பார்கள். அந்த ஒரு வரி வழக்கமாக 'பல்வேறு திருத்தங்களும் வேக மேம்பாடுகளும்' என்று முடியும். கைபேசிச் செயலிகளில் தினமும் பார்க்கிறோமே, அதே வரி. அதைப் படித்து ஒரு விஷயம் தெரிந்துகொண்டவர் யாரும் இல்லை. ஆனால் அதைப் படித்துப் பழகியவர், அடுத்த முறை நிஜமாகவே ஒரு முக்கியமான வரி வந்தாலும் தாண்டிப் போய்விடுவார்.

பலரும் கவனிக்காத வகை ஒன்று இருக்கிறது. புது வசதி ஒன்றைச் செய்கிறோம். சோதிக்கும்போது அதில் குறைகள் கண்டுபிடித்துப் பதிகிறோம். பதிப்பு வெளியாகும் முன்பே அவற்றைத் தீர்த்து மூடுகிறோம். ரெட்மைனைப் பொறுத்தவரை இவை முறையாக மூடிய பிழைகள். வாடிக்கையாளரோ அந்தப் பிழையைப் பார்த்ததே இல்லை. 'டி.சி. வயதுப் பட்டியலில் தேதி தவறாக வந்தது சரிசெய்யப்பட்டது' என்று எழுதினால், இல்லாத பட்டியலில் எப்படித் தேதி தவறாக வரும் என்று அவர் குழம்புவார், அல்லது இதுவரை பார்த்த வேறு தேதிகளையும் சந்தேகிப்பார். இதைப் பிரித்தெடுக்க ஒரே வழி, குறை எந்தப் பதிப்பில் கண்டது என்று ஒவ்வொரு பிழைக்கும் பதிந்து வைப்பது. ரெட்மைனில் இதற்குத் தனிக் கட்டம் இல்லை; நாங்களாக ஒன்று சேர்த்துக்கொண்டோம். அதில் 4.7 என்றே இருந்தால் அந்த வேலை குறிப்புக்கு வராது. ஆறு வேலைகள் இப்படிக் கழிந்தன.

கடைசியாக, மூடியிருக்கும், ஆனால் பதிப்பில் இருக்காது. நிரலாளர் வேலையை முடித்து வேறு கிளையில் சேர்த்திருப்பார், வெளியாகும் கிளைக்கு அது வந்திருக்காது. இல்லை, வந்து, கோளாறு தெரிந்து, கடைசி நாளில் திரும்ப எடுத்திருப்பார்கள். அதனால் ரெட்மைன் சொல்வதை கிட்டிடம் ஒருமுறை கேட்டுவிடுவேன்:

```
git log v4.6..v4.7 --oneline --grep="#"
git log v4.6..v4.7 --oneline --grep="^Revert"
```

முதல் வரி, இரண்டு பதிப்புகளுக்கும் இடையே உள்ளே வந்த மாற்றங்களில் வேலை எண் குறித்தவற்றைக் காட்டும். இரண்டாவது வரி, திரும்ப எடுத்தவற்றைக் காட்டும். இந்த இரண்டையும் வேலைப் பட்டியலோடு வைத்துப் பார்த்தபோது இரண்டு வேலைகள் மூடியிருந்தும் பதிப்பில் இல்லை என்று தெரிந்தது. நிரலாளர் வேலை எண்ணைக் குறிக்க மறந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அதனால் எண் இல்லாத மாற்றத்தை உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

மிச்சம் பதினைந்து. அதில் சில ஒரே விஷயத்தின் பகுதிகள். அவற்றைச் சேர்த்தபோது எட்டானது. அந்த எட்டில் ஒன்றைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தோலை விற்பது சதுர அடிக் கணக்கில். முழுத் தோலோ பாதியாக வெட்டிய சைடோ, ஒவ்வொரு துண்டும் அளவு மிஷினில் போய் வரும். வந்ததும் அதன் அளவு தோலின் பின்பக்கத்தில் பதியும். அதில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு சதுர அடியை நான்கு காலாகப் பிரித்து, முழு அடியைப் பெரிய எழுத்திலும் கால்களை அதன் தோளில் சிறிய எழுத்திலும் குறிப்பார்கள். 18² என்று இருந்தால் பதினெட்டு அடி, இரண்டு கால், அதாவது பதினெட்டரை. இந்தத் தொழிலுக்கு வெளியே உள்ளவருக்கு அது பதினெட்டின் வர்க்கம். சில இடங்களில் இதை எக்செல்லில் ஏற்றும்போது, சிறிய எழுத்துப் போட நேரமில்லாமல் 18.2 என்று அடிப்பார்கள். அடிக்கிறவருக்கும் படிக்கிறவருக்கும் அது பதினெட்டரைதான். எங்கள் மென்பொருளுக்கு அது 18.20.

எக்செல் கோப்பிலிருந்து அளவுப் பட்டியலை நேரடியாக ஏற்றும் வசதி 4.5 பதிப்பில் வந்தது. கையால் பதியும் திரையில் அடிக்கும் காலுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்ததால் அங்கே சிக்கல் இல்லை. எக்செல் வழியில்தான் ஒவ்வொரு காலும் அடியில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஒரு காலுக்கு 0.25 வர வேண்டிய இடத்தில் 0.10, அரைக்கு 0.50 வர வேண்டிய இடத்தில் 0.20, முக்காலுக்கு 0.75 வர வேண்டிய இடத்தில் 0.30. கால் இல்லாத துண்டுகளில் நஷ்டம் இல்லை. நான்கு வகைத் துண்டுகளும் சம அளவில் கலந்து வருகின்றன என்று வைத்துக்கொண்டால், துண்டுக்குச் சராசரியாக 0.225 சதுர அடி குறையும். 400 சைடு உள்ள ஒரு லாட்டில் அது 90 சதுர அடி. அடி 90 ரூபாய் என்று வைத்தால் 8,100 ரூபாய்.

இவ்வளவு பெரிய பிழை எப்படி இரண்டு பதிப்புகள் தாண்டியது? விற்றவருக்கு நஷ்டமாகவும் வாங்கியவருக்கு லாபமாகவும் இருந்ததுதான் காரணம். தோல் வாங்குகிறவர் தன் இடத்தில் மறுபடி அளப்பார். குறைந்தால் உடனே போன் வரும். கூடினால் ஏன் போன் வரப் போகிறது? பேரணாம்பட்டில் ஒரு டேனரியின் கணக்குப்பிள்ளை, மென்பொருளின் மொத்தத்தை நம்பாமல் நோட்டில் கையால் கூட்டிப் பார்க்கிறவர், ஒரு நாள் அழைத்தார்.

"தம்பி, நோட்டுல ஜாஸ்தி வருது, கம்ப்யூட்டர்ல கம்மியா வருது. ரெண்டு லாட்டு பாத்துட்டேன். ரெண்டுலயும் இப்படித்தான்."

"கையால பதிஞ்சதா பாய், எக்செல்ல இருந்து ஏத்துனதா?"

"எக்செல்லுதான். பையன் ஏத்துனான்."

கோப்பை அனுப்பச் சொன்னேன். திறந்து பார்த்ததும் புள்ளிக்குப் பின்னால் இருந்த இலக்கங்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டன. நூற்றுக்கணக்கான துண்டுகள், ஆனால் புள்ளிக்குப் பின்னால் 1, 2, 3 தவிர வேறு எதுவும் இல்லை. உண்மையான தசமமாக இருந்தால் 25, 5, 75 என்று வரும், அல்லது மிஷின் நுட்பமாக அளந்தால் எல்லா இலக்கமும் கலந்து வரும். ஒரு பெரிய பட்டியலில் மூன்றைத் தாண்டாத இலக்கங்கள் மட்டும் இருந்தால், அது கால் கணக்கு. பிறகு நிரலாளர் இதையே சோதனையாக வைத்தார்: ஏற்றும்போது புள்ளிக்குப் பின் 1, 2, 3 மட்டும் வந்தால், 'இது கால் கணக்கா, தசமமா?' என்று திரை கேட்கும். ஒவ்வொரு மிஷினுக்கும் ஒருமுறை பதில் சொன்னால் போதும்.

இது ரெட்மைனில் மூன்று வேலைகளாக இருந்தது. முதல் வேலையின் தலைப்பு `AreaImport: parse quarter fraction`. இரண்டாவது அந்தக் கேள்வித் திரை. மூன்றாவது, பாதிக்கப்பட்ட பழைய லாட்டுகளைக் கண்டுபிடிக்கும் ரிப்போர்ட். வேலையை மூடுகிறவர் 'பயனருக்கு ஒரு வரி' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம். நிரலாளர் அதில் எழுதியிருந்தது: 'எக்செல் இறக்குமதியில் பின்ன மதிப்புகளைக் கையாளுதல் மேம்படுத்தப்பட்டது.'

இந்த வரியில் பொய் இல்லை. ஆனால் படித்தவர் எதையும் செய்ய மாட்டார். எந்தப் பின்னம், எதிலிருந்து எதற்கு மாறியது, நான் ஏற்றிய பழைய லாட்டின் கதி என்ன என்று எதுவுமே இல்லை. மேலும் 'மேம்படுத்தப்பட்டது' என்றால் முன்பும் நன்றாகத்தான் இருந்தது, இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது என்று பொருள்படும். முன்பு தவறாக இருந்தது என்ற செய்தி அதற்குள் புதைந்துவிடுகிறது. குறிப்பு எழுதும் தொழிலில் நான் நம்பாத சொல் அது. அது வரும் இடத்தில் எல்லாம் நின்று, முன்னால் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று இரண்டையும் கேட்டு எழுதுவேன்.

கடைசியாகப் போன பத்தி இது:

'அளவுப் பட்டியலை எக்செல் கோப்பிலிருந்து ஏற்றும்போது, 18.2 என்று இருந்தால் இதுவரை 18.20 சதுர அடி என்று எடுத்தது. அது தவறு. இனி, ஏற்றும்போது திரை கேட்கும் கேள்விக்குக் கால் கணக்கு என்று பதில் சொன்னால், 18 அடி 2 கால், அதாவது 18.50 என்று எடுக்கும். 4.5, 4.6 பதிப்புகளில் எக்செல் வழியாக ஏற்றிய லாட்டுகளில் மொத்த அளவு குறைவாக வந்திருக்கலாம். கையால் பதிந்த லாட்டுகளில் இந்தப் பிழை இல்லை. பழைய லாட்டுகளையும் பில்களையும் மென்பொருள் தானாக மாற்றாது. ரிப்போர்ட் பகுதியில் அளவு சரிபார்ப்பு என்பதை அழுத்தினால், பாதிக்கப்பட்ட லாட்டுகளின் பட்டியலும் வித்தியாசமும் வரும். பில் தொகை குறைவாகப் போயிருந்தால் டெபிட் நோட் போடுவது பற்றி உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.'

நீளம்தான். மற்ற ஏழு பத்திகளும் இதில் பாதிகூட இல்லை. ஒரு பிழை வெளியே போன எண்ணைத் தொட்டுவிட்டால், முன்பு என்ன, இனி என்ன, எந்தப் பதிப்பு முதல் எதுவரை, யாருக்குப் பாதிப்பு இல்லை, பழையது என்ன ஆகும், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற ஆறையும் சொல்லாமல் விட முடியாது. இதில் 'யாருக்குப் பாதிப்பு இல்லை' என்பதை விட்டால், கையால் பதிகிற அத்தனை பேரும் அன்றைக்கே போன் செய்வார்கள். 'பழையது தானாக மாறாது' என்பதை விட்டால், புதுப் பதிப்பு வந்ததும் பழைய பில் மாறிவிட்டதோ என்று ஆடிட்டர் பயப்படுவார். மாறக் கூடாது என்பது நாங்கள் யோசித்து எடுத்த முடிவு. கணக்கில் ஏறி ரிட்டர்ன் போன பில்லை மென்பொருள் தன்னிச்சையாகத் திருத்தினால் அது பிழையைவிடப் பெரிய பிழை.

'அது தவறு' என்ற இரண்டு சொற்களுக்கு அலுவலகத்தில் எதிர்ப்பு இருந்தது. இப்படி எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளர் நஷ்டஈடு கேட்பார் என்றார்கள். அவர்கள் பயம் அர்த்தமற்றது அல்ல. ஆனால் நோட்டில் கூட்டிப் பார்க்கிறவர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்களுக்கும் வாங்கியவர் பக்கத்திலிருந்து ஒரு நாள் தெரியத்தான் போகிறது. நான் கேட்டது வேறு ஒன்று: எக்செல் வழியாக லாட் ஏற்றிய ஒவ்வொரு டேனரிக்கும் குறிப்பு போவதற்கு முன்பே போன் போக வேண்டும். பணத்தைத் தொடும் செய்தியை ஒருவர் முதன்முதலில் ஒரு பக்கக் குறிப்பில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கு ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சொற்களும் தங்கின.

அந்தப் பதிப்பிலிருந்துதான் பக்கத்தின் அமைப்பையும் மாற்றினேன். வசதி, பிழை என்ற பிரிவைக் கைவிட்டேன். முதலில் 'உங்கள் எண்ணை மாற்றுபவை'. அளவு, தொகை, வரி, இருப்பு இவற்றில் ஏதாவது நேற்றையதிலிருந்து வேறாக வரும் என்றால், அது புது வசதியோ திருத்தமோ, இங்கேதான் வரும். அடுத்து, வேலை நடக்கும் இடப்படி: அளவுக்கூடம், டி.சி., பில், ரிப்போர்ட். ஒவ்வொன்றிலும் புதியதும் திருத்தியதும் கலந்தே இருக்கும். அளவுக்கூடத்தில் இருப்பவர் பில் பகுதியைப் படிக்க வேண்டியதில்லை. சிலர் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி மிஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எண்ணை மாற்றுபவை எதுவும் இல்லாத பதிப்பில் அந்தத் தலைப்பை நீக்குவதில்லை. கீழே 'இல்லை' என்று எழுதுகிறேன். ஆடிட்டர்களுக்குப் பிடித்த சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு புது வசதியை எழுதுவது பிழையை எழுதுவதைவிடச் சுலபம் என்று தோன்றும். அதே 4.7-இல் ஜாப் ஒர்க் டி.சி. வயதுப் பட்டியல் வந்தது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும். ஆகவே எந்த டி.சி. எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்று காட்டும் பட்டியல் பலரும் கேட்டது. வேலையின் தலைப்பு `JobWorkDC: ageing report w/ configurable threshold`. இதைத் தமிழில் அப்படியே எழுதினால் ஒருவருக்கும் விளங்காது. 'ஜாப் ஒர்க்குக்கு அனுப்பி இன்னும் முழுதாகத் திரும்பாத டி.சி.களை, அனுப்பிய நாளிலிருந்து எத்தனை நாள் ஆனது என்று வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 300 நாள் தாண்டியவை சிவப்பில் இருக்கும். இந்த எண்ணை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்' என்று எழுதினேன். அதுவரை சரி.

எழுதி முடித்து ஆம்பூரில் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். எல்லாக் குறிப்பையும் அனுப்பும் முன் பயன்படுத்துகிற ஒருவரிடம் படித்துக் காட்டுவது வழக்கம். அவர் எங்கே நிறுத்திக் கேட்கிறாரோ அங்கே குறிப்பு முடியவில்லை என்று பொருள். அவர் கேட்டார்: "திரும்பி வந்ததுன்னு எதை வெச்சு சொல்லுது? அடியா, எண்ணிக்கையா?"

எண்ணிக்கைதான். வெட் ப்ளூவாகப் போன தோல் கிரஸ்டாகத் திரும்பும்போது அதன் அளவு மாறும். போன அடியையும் வந்த அடியையும் ஒப்பிட்டால் ஒரு டி.சி.யும் முடியாது. அதனால் துண்டு எண்ணிக்கையை வைத்துச் செய்திருந்தோம். ஆனால் அதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. தடித்த தோலை ஸ்ப்ளிட் செய்தால் மேல்பகுதியும் அடிப்பகுதியும் தனித்தனியாக வரும். நூறு போனால் இருநூறு வரும். முதல் நூறு வந்ததுமே பட்டியல் அந்த டி.சி.யை முடிந்தது என்று எடுத்துவிடும், இன்னும் வர வேண்டிய மேல்பகுதித் தோல் ஐம்பது அங்கேயே இருந்தாலும். இதை அந்தப் பதிப்பில் தீர்க்க நேரமில்லை. ஆகவே வசதியின் பத்தியிலேயே சேர்த்தேன்: 'துண்டு எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறது. ஸ்ப்ளிட்டிங்குக்கு அனுப்பிய டி.சி.களுக்கு இந்தப் பட்டியலை நம்ப வேண்டாம். பழையபடி நோட்டில் பாருங்கள்.' இதைத் 'தெரிந்த குறைகள்' என்று பக்கத்தின் அடியில் தனியாக வைப்பவர்கள் உண்டு. நான் வைப்பதில்லை. வசதியைப் படித்தவர் அடிவரை படிப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சில வரிகளை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயம்போல் இருந்து பெரிதாகும். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. ராணிப்பேட்டை தனி மாவட்டமானது. நாங்களும் பேரணாம்பட்டும் வேலூரிலேயே நின்றோம். மென்பொருளில் இருந்த முகவரிகளில் மாவட்டப் பெயரை மாற்றியது அரை மணி நேர வேலை. குறிப்பில் ஒரு வரி. ஆனால் அச்சடித்த டி.சி.யின் தலைப்பு மாறுகிறது, அதனால் வழியில் லாரியை நிறுத்திக் கேட்கிறவருக்குக் காட்டும் தாளும் மாறுகிறது. அந்த வரி டி.சி. பகுதியின் முதல் வரியானது.

வரி விகிதம் மாறும்போது மட்டும் மேலே சொன்ன முறையெல்லாம் தலைகீழாகும். வழக்கமாக வேலை மூடும், பிறகு குறிப்பு. இங்கே குறிப்பு முதலில் போக வேண்டும், வேலை மூடாமல் இருந்தாலும். 2022 ஜூலை 18 அன்று தோல் பதனிடும் ஜாப் ஒர்க்குக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய கவுன்சில் முடிவெடுத்தது; அறிவிக்கை ஜூலை 13-இல் வந்தது. இடையில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, 18-க்கு முன் முடித்துக் கொடுத்த வேலைக்கு 18-க்குப் பின் பில் போட்டால் எந்த விகிதம் என்பது. சட்டத்தின் 14-ஆம் பிரிவு அதற்கு, வேலை முடிந்த நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் என்று மூன்றையும் வைத்துப் பதில் சொல்கிறது. வேலையை முன்பே முடித்திருந்தாலும், பில்லும் பணமும் இரண்டுமே பின்னால் என்றால் புது விகிதம். எங்கள் மென்பொருள் பில் தேதியை மட்டும்தான் பார்க்கும். முன்பணம் வாங்கியிருந்தால் அது தவறாகும். அதைத்தான் குறிப்பில் சொல்ல வேண்டியிருந்தது, சட்டத்தை விளக்குவதை அல்ல. நாங்கள் சட்டத்தை விளக்க ஆரம்பித்தால், நாளைக்கு ஒருவர் எங்கள் தாளை அதிகாரியிடம் நீட்டுவார்.

2025 செப்டம்பர் 22-இல் அதே ஜாப் ஒர்க் 12-லிருந்து 5-க்குத் திரும்பியது. இந்த முறை கவுன்சில் முடிவு செப்டம்பர் 3-லேயே வந்துவிட்டதால் அவகாசம் இருந்தது. பழைய குறிப்பை எடுத்து வைத்து எழுதினேன். 'எண்ணை மாற்றுபவை' என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள்: 22-ஆம் தேதியிட்ட பில்லிலிருந்து ஜாப் ஒர்க் விகிதம் தானாக 5 ஆகும், 21-ஆம் தேதி வரை போட்ட பில்கள் மாறாது, மறுபடி அச்சடித்தாலும் 12 என்றே வரும், 22-க்கு முன் முன்பணம் வாங்கிய வேலைக்குப் பில் போடும்போது விகிதத்தைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும், போடும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

குறிப்பு போன அன்று காலையில் வந்த அழைப்புகள் எல்லாம் மூன்றாவது வரியைப் பற்றியவை. கையால் மாற்றும் கட்டம் எந்தத் திரையில் இருக்கிறது என்று நான் எழுதவில்லை என்றார்கள். மதியத்துக்குள் நான்காவது வரி போனது: 'பில் திரையில் துண்டு விவரத்துக்குக் கீழே, விகிதம் என்ற எண்ணின் மேல் இரண்டு முறை அழுத்துங்கள்.'